பணம் புழங்கும் பணிக்கு ஆள் தேர்ந்தெடுத்தல்

(கல்விக் கழகத்தின் இளைஞர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் கழகம் மாலை வகுப்புகளை விரிவாக்கி, முழுநேரக் கணக்கர் ஒருவரை நியமிக்க இருக்கிறது. அவரே காசாளர் பொறுப்பையும் பார்ப்பார். இதுவரை பொருளாளரே தம் வீட்டு மேசையில் கணக்கு எழுதி வந்தார். இனி மாதச் சம்பளத்திற்கு ஒருவர் வந்து, நம் பிள்ளைகளின் பெற்றோர் கையிலிருந்து பணம் வாங்கப் போகிறார். எனவே அவரை எப்படித் தேர்ந்தெடுப்பது, தேர்ந்தெடுத்த பின் எப்படிக் கண்காணிப்பது என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். நான் தணிக்கையாளன் அல்லன். ஆனால் அரசுப் பள்ளித் தலைமையாசிரியன் என்ற முறையில் நாள்தோறும் ரொக்கப் புத்தகத்தில் கையெழுத்திடுகிறவன். ஒருமுறை கண் திறந்திருந்தும் ஏமாந்தவன். அந்த இரண்டு தகுதிகளோடு பேசுகிறேன்.

ஏமாந்த கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தத் தெற்குப் புறநகர்ப் பகுதியில் உள்ள ஒரு சங்கத்திற்கு நான் சில ஆண்டுகள் ஆலோசகராக இருந்தேன். பெயர் வேண்டாம். அங்கும் மாலை வகுப்பு நடந்தது. நூற்றிருபது பிள்ளைகள், தலைக்கு மாதம் ரூ.300 கட்டணம், ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். ஓர் இளைஞர் கணக்கராக இருந்தார். பண்பானவர், நேரம் தவறாதவர். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர் என்று ஆண்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். போர்த்தியவன் நானேதான்.

அவர் செய்தது இது. ஒரு ஜூன் மாதம் 6ஆம் தேதி நான்கு பிள்ளைகளின் கட்டணம் ரூ.1,200 வாங்கினார். முறையாக ரசீதும் கொடுத்தார். ஆனால் ரொக்கப் புத்தகத்தில் ஏற்றவில்லை. தாயாருக்கு மருந்து வாங்க அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டார். சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம் என்பது எண்ணம். 9ஆம் தேதி வேறு ஐந்து பிள்ளைகள் ரூ.1,500 கொடுத்தார்கள். அதில் ரூ.1,200ஐ முன்னே கொடுத்த நால்வர் பெயரில் ஏற்றினார், மீதி ரூ.300ஐ ஐந்தாவது பிள்ளையின் பெயரில் ஏற்றினார். இப்போது குறை யார் பெயரில் இருக்கிறது? புதிதாகக் கொடுத்த நால்வர் பெயரில். அடுத்த வாரம் வேறு நால்வரின் பணம் வந்ததும் இவர்களுடைய குறை அடைபட்டது. பள்ளம் அந்தப் புதியவர்கள் பக்கம் நகர்ந்தது. பள்ளம் நிரம்புவதே இல்லை, இடம் மாறிக்கொண்டே இருக்கும். சம்பளம் வந்தது, ஆனால் வீட்டுச் செலவும் வந்தது. பள்ளத்தை அடைப்பதற்குப் பதிலாகச் சிறிது சிறிதாக ஆழப்படுத்தினார்.

இந்த வித்தையின் சூழ்ச்சி எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். ரொக்கப் புத்தகத்தில் எவ்வளவு ஏற்றினாரோ அவ்வளவும் வங்கியில் செலுத்தப்பட்டிருக்கும். எனவே பொருளாளர் மாதக் கடைசியில் ரொக்கப் புத்தகத்தையும் வங்கிப் பாஸ் புத்தகத்தையும் வைத்துப் பார்த்தால் ஒரு ரூபாய்கூடக் குறையாது. நாங்களும் அப்படித்தான் பார்த்தோம். அப்படிப் பார்த்ததையே தணிக்கை என்று நினைத்துக்கொண்டோம். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையை ரொக்கப் புத்தகத்தோடு ஒருவரும் ஒப்பிடவில்லை. ஒப்பிட்டிருந்தால், 6ஆம் தேதி ரசீது 9ஆம் தேதிப் பதிவில் ஏறியிருப்பது முதல் வாரத்திலேயே கண்ணில் பட்டிருக்கும்.

மற்றோர் அடையாளமும் இருந்தது. முன்னெல்லாம் மாத இறுதியில் கட்டணம் செலுத்தாதவர்கள் எட்டுப் பேர், பத்துப் பேர் என்றுதான் நிலுவைப் பட்டியல் இருக்கும். அது மெல்ல மெல்ல முப்பதாயிற்று, ஐம்பதாயிற்று. பெற்றோர்களுக்கு வேலை சரியாக இல்லை போலும் என்று இரக்கப்பட்டு, கட்டணக் கெடுவை 20ஆம் தேதி வரை நீட்டித் தீர்மானம் போட்டோம். திருடனுக்கு நாங்களே ஏணி வைத்துக் கொடுத்தோம் என்பது அப்போது தெரியவில்லை.

மறு ஆண்டு ஆகஸ்டு மாதம் அவருடைய தங்கைக்குத் திருமணம். நான்கு நாள் வராமல் இருக்க முடியவில்லை. அந்த நாட்களில் ஓர் ஆசிரியை அவர் நாற்காலியில் அமர்ந்தார். நிலுவைப் பட்டியலைப் பார்த்து, இரும்புலியூரிலிருந்து வந்த ஒரு தாயிடம், “அம்மா, உங்கள் மகனுக்கு ஜூலை மாதக் கட்டணம் வரவில்லையே” என்றார். அந்தத் தாய் கட்டட வேலைக்குப் போகிறவர். ஒன்றும் பேசாமல் இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து, நான்காக மடித்த ரசீதை எடுத்து மேசைமேல் வைத்தார். ஜூலை 5ஆம் தேதி ரசீது. எங்கள் சங்கத்தை அன்று காப்பாற்றியது எங்கள் தணிக்கை அன்று. அந்தத் தாயின் சுருக்குப் பை.

அன்றிரவு அடிக்கட்டைகளை எல்லாம் விரித்துப் போட்டுச் சரிபார்த்தோம். ஜூலைக்கு நிலுவை என்று பட்டியலில் இருந்தவர்கள் 71 பேர். அவர்களுள் உண்மையிலேயே செலுத்தாதவர்கள் 9 பேர்தான். மற்ற 62 பேரும் செலுத்தி ரசீது பெற்றிருந்தார்கள். பள்ளத்தின் ஆழம் ரூ.18,600.

தொகை பெரிதன்று என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அடுத்த மாதம் நாற்பது தாய்மார்கள், “ரசீது கொடுத்த பணமே காணாமற் போகிற இடத்திற்கு நாங்கள் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?” என்று கேட்டுப் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அவர்களுள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதை இங்கே சொல்ல எனக்கு மனமில்லை.

இனி, அவரை நாங்கள் எப்படி வேலைக்கு எடுத்தோம் என்பதைக் கேளுங்கள். நிர்வாகக் குழுவில் ஒருவர், “நம்ம பையன், எனக்குத் தெரிந்த குடும்பம்” என்றார். முடிந்தது தேர்வு. அவர் அதற்கு முன் ஒரு கடையில் கல்லாவில் இருந்தார் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தார். ஒருவரும் அந்தக் கடைக்குப் போகவில்லை. எல்லாம் முடிந்த பிறகு நான் போனேன். கடைக்காரர் சொன்னார்: “கல்லாவில் இரண்டு மூன்று முறை குறைந்தது, ஐயா. ஏழைப் பிள்ளை, பெயரைக் கெடுக்க வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். நீங்கள் முன்னமே வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.”

ஆகவே முதல் வேலை, முன்பு பணிபுரிந்த இடத்திற்கு நேரில் போவது. நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்வதில் பயனில்லை. கையில் கொடுத்து அனுப்பும் கடிதத்தில் யாரும் குறை எழுதமாட்டார்கள். தொலைபேசியிலும் பாதிதான் சொல்வார்கள். எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். “ஆள் எப்படி?” என்று பொதுவாகக் கேட்டால் “நல்ல பையன்” என்ற பதிலே வரும். கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். அவர் கையில் பணம் இருந்ததா, அல்லது எழுத்து வேலை மட்டுமா? ஒரு நாளைக்கு ஏறத்தாழ எவ்வளவு புழங்கினார்? கணக்கில் எப்போதாவது குறைந்ததா, குறைந்தபோது அதை முதலில் சொன்னவர் யார், அவரா நீங்களா? வேலையை விட்டபோது பொறுப்பை யாரிடம் எண்ணி ஒப்படைத்தார்? இன்று உங்களிடம் திரும்ப வந்தால் அதே நாற்காலியில் உட்கார வைப்பீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வாய் சொல்லும் பதிலைக் காட்டிலும், பதில் வருவதற்கு ஆகும் நேரம் அதிகம் சொல்லும்.

முன்பு வேலையே பார்க்காத இளைஞர் வந்தால் என்ன செய்வது? நம் பிள்ளைகளிற் பலர் அப்படித்தான் வருவார்கள். படிப்பில் இடைவெளி இருக்கும். தந்தை இறந்தார், தவணைக் கடன், ஈராண்டு கட்டட வேலை என்று காரணமும் இருக்கும். இடைவெளியைக் குற்றமாகக் கொள்ளக் கூடாது. கணித மேதை இராமானுசன் 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் கணக்கு எழுத்தராகச் சேர்ந்தார், மாதம் 30 ரூபாய் சம்பளத்தில். அந்த வேலைக்கு அவர் எழுதிய விண்ணப்பத்தில், மெட்ரிகுலேசன் தேறியதையும், அதற்கு மேல் எஃப்.ஏ. படிப்பைத் தொடர முடியாமற் போனதையும் தாமே எழுதிவிட்டார். மறைக்கவில்லை. நாம் பார்க்க வேண்டியது இடைவெளியை அன்று. இடைவெளியை மறைக்கிறாரா, சொல்லிவிடுகிறாரா என்பதையே. மறைத்தவர்களிடம் மட்டுமே மேலும் துருவிக் கேட்க வேண்டும்.

அடுத்து ஒரு செய்முறைத் தேர்வு வைக்க வேண்டும். இதை நான் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகத்திற்கு எழுத்தர் எடுத்தபோது செய்து பார்த்தேன். விண்ணப்பதாரரிடம் இருபது ரசீது அடிக்கட்டைகள், ஒரு வங்கிச் செல்லான், எழுதி முடித்த ஒரு ரொக்கப் புத்தகப் பக்கம், எண்ணி வைத்த பணம் ஆகியவற்றைக் கொடுத்து, “இதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்” என்று ஒரு மணி நேரம் தனியே விட வேண்டும். அவற்றில் நாமே மூன்று குறைகளை ஒளித்து வைத்திருப்போம். ஒரு ரசீது எண் நடுவில் இல்லாமல் இருக்கும். பணத்தில் ஒரு ஐம்பது ரூபாய் கூடுதலாக இருக்கும். ஓரிடத்தில் 1,260 என்பது 1,620 என்று எழுதப்பட்டிருக்கும். வேறுபாடு 360. ஒன்பதால் மீதியின்றி வகுபடும் வேறுபாடு வந்தால் எண்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று தேட வேண்டும் என்பது கணக்கு எழுதியவர்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் குற்றமில்லை, ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்.

இந்தத் தேர்வில் திறமை ஒரு பாதிதான். மறுபாதியை நான் சொன்னாலொழிய நீங்கள் கவனிக்கமாட்டீர்கள். சிலர் மூன்று குறைகளையும் கண்டுபிடிப்பார்கள். சிலர் ஒன்றைக் கண்டுபிடித்து, “மற்றது எனக்குப் பிடிபடவில்லை, ஐயா, கணக்கு இன்னும் ஒத்துவரவில்லை” என்பார்கள். வேறு சிலர் எப்படியோ ஒத்துவரச் செய்து நீட்டுவார்கள்; ‘சில்லறை வேறுபாடு’ என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள், அல்லது ஒரு தொகையைத் திருத்தியிருப்பார்கள். இவர்களுள் முதல் வகையார் கெட்டிக்காரர்கள். ஆனால் பணம் புழங்கும் நாற்காலிக்கு உகந்தவர் இரண்டாம் வகையார். மூன்றாம் வகையாரை எவ்வளவு படித்திருந்தாலும், யார் சொல்லி வந்தாலும் எடுக்கக் கூடாது. ஒத்துவராததை ஒத்துவரவில்லை என்று சொல்லும் மனத்திடம்தான் இந்த வேலைக்குரிய நாணயம்.

முகவரி, குடும்பம் ஆகியவற்றை நேரில் சென்று அறிந்துகொள்ளுங்கள். காவல் துறையின் இணையச் சேவை வழியே நடத்தைச் சரிபார்ப்பு அறிக்கை பெற இன்று வசதி உண்டு. கட்டணத்தைக் கழகமே செலுத்திப் பெறலாம். ஆனால் அந்த அறிக்கை வழக்கு உண்டா என்பதைத்தான் சொல்லும். அந்தக் கடைக்காரரைப் போலப் புகார் கொடுக்காமல் அனுப்பிவிட்டவர்களின் செய்தி அதில் இராது. அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைப்பது, பெருந்தொகை வைப்புக் கேட்பது ஆகிய இரண்டையும் நான் எதிர்க்கிறேன். ஒரு லட்சம் ரூபாய் கட்டினால்தான் வேலை என்றால், யாருக்காகக் கழகம் நடத்துகிறோமோ அந்தப் பிள்ளை வாசற்படியிலேயே நின்றுவிடுவான். வட்டிக்கு வாங்கிக் கட்டினவனோ முதல் நாளே கடனோடு கல்லாவில் உட்காருவான். வேண்டுமானால் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் ஊழியர் நாணயத்திற்கென்றே ஒரு காப்பீடு உண்டு. பணம் கையாடப்பட்டால் குறித்த தொகை வரை நிறுவனம் ஈடு செய்யும். ஆனால் கணக்குகளை ஒழுங்காகச் சரிபார்த்து வந்தோம் என்று நாம் காட்ட வேண்டியிருக்கும். இதுவும் நம்மை ஒழுங்கில் நிறுத்தும். சம்பளத்தைப் பற்றி ஒரு சொல்: அந்தச் சங்கத்தில் கணக்கருக்குக் கொடுத்த சம்பளத்தை இன்று நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சரி, நல்லவரையே எடுத்துவிட்டோம். அப்புறம் எதற்குக் கட்டுப்பாடு என்று கேட்கலாம். நாட்டையே உலுக்கிய ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1971ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி, புதுதில்லி நாடாளுமன்றத் தெருவிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையின் தலைமைக் காசாளர் வேத பிரகாஷ் மல்கோத்ராவுக்கு ஒரு தொலைபேசி வந்தது. பிரதமரின் செயலாளர் பேசுவதாகச் சொன்னார்கள். பிறகு பிரதமரே பேசுவதாக ஒரு பெண் குரல். இரகசியப் பணிக்கு உடனே 60 லட்சம் ரூபாய் வேண்டும், குறிப்புச் சொல் சொல்லி வருபவரிடம் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. மல்கோத்ரா பெட்டகத்திலிருந்து பணத்தை எடுக்கச் செய்து, வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், ருஸ்தம் சொராப் நகர்வாலா என்ற முன்னாள் இராணுவ அதிகாரியிடம் கொடுத்தார். பிறகு பிரதமர் இல்லத்திற்கு ரசீது வாங்கச் சென்றபோதுதான், அப்படி ஓர் உத்தரவே இல்லை என்று தெரிந்தது. அன்றே நகர்வாலா பிடிபட்டார். பணத்தின் பெரும்பகுதி கிடைத்தது. அவர் நான்காண்டுச் சிறைத் தண்டனை பெற்று, 1972இல் காவலில் இருக்கும்போதே இறந்தார். இதன் மர்மங்களை ஆராய 1977இல் நீதிபதி ஜகன்மோகன் ரெட்டி தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். அந்த மர்மங்கள் நமக்கு வேண்டா.

நமக்கு வேண்டியது இது. மல்கோத்ரா அந்தப் பணத்தை வைத்துக்கொள்ள எடுக்கவில்லை. ரசீது வாங்கத்தான் ஓடினார். தவறு எங்கே? செலவுச்சீட்டு முதலில், பணம் பிறகு என்பது முறை. அவர் பணத்தை முதலில் கொடுத்துவிட்டுச் சீட்டைத் தேடிப் போனார். பெரிய இடத்துக் குரல் ஒன்று கேட்டதும், ஆண்டாண்டாகக் கடைப்பிடித்த முறை அரை மணியில் கைவிடப்பட்டது. இன்று அதே ஏமாற்று கைப்பேசி வழி வருகிறது. தலைவரின் புகைப்படத்தோடு, “கூட்டத்தில் இருக்கிறேன், பேச முடியாது, இந்த எண்ணுக்கு உடனே இருபதாயிரம் அனுப்புக” என்று செய்தி வரும். நம் கணக்கர் நல்லவராக இருந்தால்தான் இன்னும் விரைவாக அனுப்புவார்! எனவே நியமன ஆணையிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்: கையெழுத்திட்ட செலவுச்சீட்டு இல்லாமல் தலைவரே நேரில் வந்து கேட்டாலும் பணம் கொடுக்கக் கூடாது, கொடுக்க மறுத்ததற்காக அவர்மேல் எந்த நடவடிக்கையும் கிடையாது. அந்த இரண்டாவது பாதி இல்லாவிட்டால் முதற்பாதி வெறும் காகிதம்.

அரசுக் கருவூலத்தில் இரட்டைப் பூட்டு உண்டு. ஒரு சாவி கருவூல அலுவலரிடம், மற்றொன்று கருவூலக் காசாளரிடம். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. நாம் சிறிய கழகம். இரும்பு அறை வேண்டாம். ஆனால் அந்தக் கருத்தை வேலைப் பிரிவினையில் கொண்டுவரலாம். பணத்தை வாங்கி ரசீது எழுதுவது கணக்கர். வங்கியின் கணக்கு அறிக்கையைப் பெற்றுப் பார்ப்பது வேறொருவர். நிலுவைப் பட்டியலைப் பெற்றோருக்கு அனுப்புவது மூன்றாமவர். இந்த மூன்றாவதை யாரும் பொருட்படுத்துவதில்லை; அந்த 62 பேரின் கதைக்குப் பிறகு நான் இதையே முதன்மையாகக் கருதுகிறேன். ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி, கணக்கரைத் தொடாமல், ஓர் ஆசிரியரே நிலுவையுள்ள பெற்றோர் ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்பட்டும்: “எங்கள் பதிவேட்டின்படி இந்த மாதக் கட்டணம் வரவில்லை, செலுத்தியிருந்தால் ரசீதுடன் என்னிடம் வருக.” முன் சொன்ன வித்தை இதற்கு எதிரில் ஒரு மாதம்கூட நிற்காது.

வாங்கிய பணம் முழுவதும், குறையாமல், அன்றோ மறுநாளோ வங்கியில் செலுத்தப்பட வேண்டும். வசூலான பணத்திலிருந்தே மின் கட்டணம் கட்டுவதும், சுண்ணாம்புக் கட்டி வாங்குவதும்தான் பெரும்பாலான குழப்பங்களுக்குத் தாய். அப்படியானால் சில்லறைச் செலவுக்கு என்ன வழி? ரூ.3,000 நிலையான முன்பணமாகக் கணக்கரிடம் கொடுங்கள். எந்த நேரம் பெட்டியைத் திறந்தாலும், பணமும் செலவுச்சீட்டுகளும் சேர்ந்து ரூ.3,000 இருக்க வேண்டும். ஒரு நாள் எதிர்பாராமல் போய்த் திறக்கிறோம்: பணம் ரூ.1,140, சீட்டுகள் ரூ.1,860. கூட்டினால் மூவாயிரம், சரி. சீட்டுகளைக் கொடுத்து ரூ.1,860 காசோலை பெற்று, பெட்டியை மீண்டும் மூவாயிரமாக்கிக் கொள்வார். பெட்டியில் கடன் சீட்டு இருந்தால், அது செயலாளரின் கையெழுத்தாகவே இருந்தாலும், குறையாகவே எழுத வேண்டும். எண்ணும்போது கணக்கர் உடன் இருக்க வேண்டும், முடிந்ததும் அவர் கையெழுத்தும் வாங்க வேண்டும். அது அவருக்கும் பாதுகாப்பு. எங்கள் பள்ளியில் மாதக் கடைசியில் கையிருப்பை எண்ணி எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக் கையெழுத்திடுகிறேன். கூடுதலாக இருந்தாலும் மகிழாதீர்கள். கூடுதல் பணம் என்பது எங்கோ எழுதப்படாத ரசீதின் நிழல்.

ரசீதுப் புத்தகங்கள் வரிசை எண் அச்சிட்டவையாக இருக்கட்டும். எத்தனை புத்தகங்கள் அச்சடித்தோம், எந்த எண் முதல் எந்த எண் வரை என்பது ஒரு பதிவேட்டில் வேண்டும். அந்தப் பதிவேடு கணக்கரிடம் இருக்கக் கூடாது. ஒரு புத்தகம் தீர்ந்து திரும்பினால்தான் அடுத்தது. தவறாக எழுதிய ரசீதைக் கிழித்துப் போடாமல், இரண்டு தாள்களையும் குறுக்குக் கோடிட்டுப் புத்தகத்திலேயே ஒட்டி வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை பொருளாளர் அடிக்கட்டையின் தேதியையும் ரொக்கப் புத்தகத்தின் தேதியையும் பத்து இடங்களிலாவது ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கால் மணி நேர வேலை. இன்று பாதிப் பெற்றோர் கைப்பேசி வழிப் பணம் அனுப்புகிறார்கள். சுவரில் ஒட்டும் கட்டக் குறியீடு கழகத்தின் வங்கிக் கணக்குக்கே செல்வதாக இருக்க வேண்டும். கணக்கரின் சொந்த எண்ணை, “இப்போதைக்கு” என்று ஒரு வாரம்கூடப் பயன்படுத்தாதீர்கள். தாம்பரம் சந்தையில் காய்கறி விற்கும் அம்மாளே, தன் குறியீட்டின்மேல் வேறு யாரும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்களா என்று காலையில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கடை விரிக்கிறார். நமக்கும் அந்தப் பழக்கம் வேண்டும்.

காசோலைக்கு இரண்டு கையெழுத்து என்று எல்லாச் சங்கங்களும் விதி வைத்திருக்கின்றன. ஆனால் ஒருவர் வெளியூர் போகும்போது, பத்து வெற்றுக் காசோலைகளில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த நேரமே இரண்டு கையெழுத்து ஒன்றாகிவிட்டது. நானும் அப்படிக் கொடுத்தவன்தான். காசோலையைச் செலவுச்சீட்டோடு சேர்த்து வைத்தாலன்றிக் கையெழுத்திடுவதில்லை என்று பிறகு உறுதி செய்துகொண்டேன்.

இறுதியாக விடுப்பு. ஒரு நாளும் விடுப்பு எடுக்காத கணக்கருக்குப் பொன்னாடை போர்த்தினேன் என்றேன் அல்லவா? அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் டிக்சன் என்ற சிறு நகரம். மக்கள் தொகை ஏறத்தாழ பதினாறாயிரம். நம் பெருங்களத்தூரைக் காட்டிலும் சிறியது. 1983 முதல் ரீட்டா கிரண்ட்வெல் என்ற அம்மையார் நகராட்சியின் கணக்கு அதிகாரி. வசூல், செலவு, வங்கி, கடிதப் போக்குவரத்து எல்லாம் அவர் ஒருவர் கையில். நகராட்சியின் பெயரைப் போலவே தோன்றும் ஒரு வங்கிக் கணக்கை 1990இல் தாமே தொடங்கி, பொய்ப் பட்டியல்களைக் காட்டி அதற்குப் பணத்தை மாற்றி வந்தார். இருபது ஆண்டுகளில் 5 கோடி டாலருக்கு மேல் போயிற்று. அந்தப் பணத்தில் உயர்சாதிக் குதிரைகள் வளர்த்தார். நகரத்தில் சாலை போடப் பணமில்லை என்றார்கள். ஆண்டுதோறும் தணிக்கையும் நடந்தது, கண்டுபிடிக்கவில்லை. 2011இல் அவர் குதிரைப் போட்டிக்காக நீண்ட விடுப்பில் சென்றார். அவர் இடத்தில் வேலை பார்த்த நகராட்சி எழுத்தர் கேத்தி ஸ்வான்சன், மாத அறிக்கை தயாரிக்க வேண்டி, நகராட்சியின் எல்லா வங்கிக் கணக்குகளின் அறிக்கையையும் அனுப்புமாறு வங்கியைக் கேட்டார். வந்த கட்டில், அவர் அறியாத ஒரு கணக்கு இருந்தது. 2012இல் கைது, 2013இல் பத்தொன்பது ஆண்டு ஏழு மாதச் சிறை.

ஆகையால் நம் கணக்கர் ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து பத்து நாளாவது கட்டாய விடுப்பில் செல்ல வேண்டும். அந்தப் பத்து நாளும் கட்டணம் வசூலாகும் மாதத் தொடக்கத்தில் அமைய வேண்டும். அவர் நாற்காலியில் வேறொருவர் உண்மையாகவே உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். வேலையை அவர் வரும் வரை ஒதுக்கி வைத்தால் பயனில்லை. “நான் இல்லாவிட்டால் யாருக்கும் புரியாது, ஐயா” என்று கணக்கர் சொன்னால், அது அவர் குற்றமில்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்த அன்றே புத்தகங்களைப் பார்க்க வேண்டும்.

குறை கண்டுபிடித்தால் என்ன செய்வது என்று பொருளாளர் முன்னமே கேட்டிருந்தார். முதலில் புத்தகங்களையும் அடிக்கட்டைகளையும் அன்றே எடுத்துப் பூட்டுங்கள், பேச்சு அப்புறம். கணக்கரை உட்கார வைத்து, இரண்டு பேர் முன்னிலையில், அவர் சொல்வதை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். அடிக்கவோ, பூட்டி வைக்கவோ, பெற்றோரை அழைத்து அவமானப்படுத்தவோ கூடாது. அப்படிச் செய்த சங்கங்கள் பின்னர்த் தாமே வழக்கில் சிக்கியிருக்கின்றன. எழுத்தரோ ஊழியரோ நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடுவது, 2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(4)ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 408ஆம் பிரிவு. பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டால் குற்றம் மறைந்துவிடாது. காவல் நிலையம் போவதா என்பதை ஒருவர் முடிவு செய்யக் கூடாது. நிர்வாகக் குழு கூடி, தீர்மானமாக எழுதி முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் சங்கத்தில் அந்த இளைஞர் பதினெட்டு மாதத் தவணையில் முழுப் பணத்தையும் கட்டி முடித்தார். புகார் கொடுக்க வேண்டாம் என்று தீர்மானம் போட்டோம்; அது சரியா என்று இன்றும் எனக்குள் வாதம் நடக்கிறது. ஆனால் அடுத்த வேலைக்கு அவர் போன இடத்திலிருந்து ஒருவர் வந்து என் எதிரில் உட்கார்ந்து கேட்டபோது, நான் அந்தக் கடைக்காரரைப் போல நடந்துகொள்ளவில்லை. நடந்ததைச் சொன்னேன், பணத்தைத் திருப்பிக் கட்டியதையும் சொன்னேன், பணம் தொடாத வேலை கொடுங்கள் என்றேன். கொடுத்தார்கள்.

செய்முறைத் தேர்வுக்கான இருபது அடிக்கட்டைகளையும் அந்த ரொக்கப் புத்தகப் பக்கத்தையும் கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் இடைவேளைக்குப் பிறகு இளைஞர்கள் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து பாருங்கள். மூன்று குறைகள் என்று சொன்னேன். உங்களுக்காக நான்காவதாக ஒன்றும் வைத்திருக்கிறேன்.